வயிற்றில் காற்றா, தண்ணீரா? அரைஞாண் கயிறு சொல்லும் சேதி

அவர் கட்டட மேஸ்திரி. வயது நாற்பத்தாறு. அறைக்குள் வந்து நாற்காலியில் உட்காரவே சிரமப்பட்டார். கைகளும் கால்களும் மெலிந்திருந்தன, கன்னம் ஒட்டியிருந்தது. சட்டையின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டு மட்டும் போட முடியாமல் திறந்து கிடந்தன. பேசியதெல்லாம் மனைவிதான்.

"ரெண்டு மாசமா கேஸ் சார். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு உப்பிக்குது. டெய்லி ரெண்டு சோடா பாக்கெட் கரைச்சுக் குடிக்கிறாரு. ஏப்பம் வரும், கொஞ்ச நேரம் நல்லா இருக்கும், அப்புறம் பழையபடிதான். சுக்கு, ஓமம், பெருங்காயம்னு எல்லாம் குடுத்துப் பாத்துட்டேன்."

படுக்கச் சொன்னேன். இடுப்பில் அரைஞாண் கயிறு புத்தம் புதிதாக இருந்தது. அதற்குச் சற்று மேலே, பழைய கயிறு இறுக்கிப் பதிந்த தடம் கருத்துத் தெரிந்தது. "கயிறு எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டேன். "பழசு இறுக்குச்சு சார், ஆயுத பூஜைக்கு அப்புறம் அறுத்துட்டேன். இதுவும் இப்போ இறுக்குது," என்றார். ஆறு வாரத்தில் இரண்டு கயிறு.

எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. காற்றால் உப்பும் வயிறு காலையில் தட்டையாக இருக்கும், மாலையில் புடைக்கும், காற்று பிரிந்தால் தணியும். கயிறு ஒருவேளை இறுகினாலும் மறுவேளை தளர்ந்துவிடும். காற்றுக்காக யாரும் அரைஞாண் கயிற்றை அறுத்துப் புதிதாகக் கட்டுவதில்லை. ஏறிக்கொண்டே போய், இறங்காமல் நிற்கும் வயிறு வேறு சாதி.

அடுத்ததாக எடை. ஆயுத பூஜை சமயத்தில் மருந்துக்கடை மெஷினில் 60 கிலோ இருந்ததாகச் சொன்னார். இன்று 68. சாப்பாடு பாதியாகக் குறைந்து, தோளும் தொடையும் வற்றிய மனிதருக்கு எட்டு கிலோ எங்கிருந்து வந்தது? ஒரு லிட்டர் காற்றின் எடை ஒரு கிராம் அளவுதான். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. எட்டு கிலோ காற்று யார் வயிற்றிலும் இருக்க முடியாது.

விரலால் தட்டினால் தெரியும்

இடது கை நடுவிரலை வயிற்றின் மேல் பதித்து, வலது கை நடுவிரல் நுனியால் அதன் மேல் தட்டுவது மருத்துவர்கள் எல்லாரும் கற்கும் முதல் வித்தைகளில் ஒன்று. 1761-இல் வியன்னாவில் இதை நூலாக எழுதி வெளியிட்டவர் ஔவன்புரூகர் என்ற மருத்துவர். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர்; பீப்பாயில் சரக்கு எதுவரை இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதைச் சிறுவயதில் கண்டதால்தான் இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். நமக்குப் பீப்பாய் வேண்டாம். தண்ணீர்க் குடத்தை மேலிருந்து கீழாகத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். காலியான இடம் மேளம்போல் ஒலிக்கும், நீர் நிற்கும் இடம் மந்தமாக ஒலிக்கும்.

குடலுக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று உண்டு. வயிற்றறைக்குள் தண்ணீர் கட்டினால், காற்றுள்ள குடல் அந்தத் தண்ணீரில் மிதக்கும். ஆகவே மல்லாந்து படுத்தவரின் தொப்புளைச் சுற்றித் தட்டினால் மேளச் சத்தம், விலாப்புறங்களில் மந்தச் சத்தம். அதோடு விடாமல் ஒருபக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, அரை நிமிடம் பொறுத்து மறுபடி தட்ட வேண்டும். தண்ணீர் கீழ்ப்பக்கம் வடிந்து, சற்றுமுன் மந்தமாக ஒலித்த மேல்விலா இப்போது மேளம் போல ஒலிக்கும். சத்தம் இடம் மாறினால் உள்ளே ஓடுவது தண்ணீர். காற்று மட்டும் இருந்தால் எங்கே தட்டினாலும் மேளம்தான், எப்படிப் புரண்டாலும் மாறாது. கொழுப்பாக இருந்தால் மந்தம் இருக்கும், ஆனால் இடம் மாறாது.

மேஸ்திரிக்கு இடம் மாறியது. படுத்தபோது வயிறு நடுவில் கூம்பாக எழாமல், தவளை வயிறுபோல் இரு பக்கமும் பரந்து தொங்கியது. தொப்புள் வெளியே பிதுங்கியிருந்தது. கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்தது.

இந்த விரல் வித்தைக்கு ஒரு வரம்பு உண்டு. ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சேர்ந்தால்தான் சத்தம் இடம் மாறுவது தெளிவாகத் தெரியும். அதற்குக் குறைவானதை ஸ்கேன்தான் காட்டும். நூறு மில்லி இருந்தாலே அது கண்டுபிடித்துவிடும். "டாக்டர் தட்டிப் பார்த்தார், ஒண்ணுமில்லேன்னுட்டார்" என்று திருப்தியாக வீடு திரும்பி, மாதம் கழித்துக் குடம்போல் வருகிறவர்கள் இந்த இடைவெளியில்தான் தவறவிடப்படுகிறார்கள். ஈரல் நோய்க்கான சந்தேகம் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

மேட்டூர் நிரம்பியும் கடைமடை காய்வது

ஸ்கேனில் அவருடைய ஈரல் சுருங்கி, மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தது. மண்ணீரல் வீங்கியிருந்தது. இருபது வருடமாகத் தினம் ஒரு குவார்ட்டர். ஒரு குவார்ட்டரில் கிட்டத்தட்ட அறுபது கிராம் சுத்த ஆல்கஹால். ஈரல் தழும்பேறிக் கல்போல் ஆகிவிடும் இந்த நிலைக்குச் சிரோசிஸ் என்று பெயர். குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள்காமாலை பி, சி வைரஸ்களாலும், சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்பு ஈரலாலும் வந்தவர்களை என் அறையில் வாரந்தோறும் பார்க்கிறேன். ஒரு சொட்டு குடிக்காத பெண்ணிடம் "வீட்ல யாருக்கும் தெரியாம குடிக்கிறியாமா?" என்று சொந்தக்காரர்களே கேட்ட கொடுமையும் நடந்திருக்கிறது.

சரி, தழும்பேறியது ஈரல். தண்ணீர் ஏன் வயிற்றில் கட்ட வேண்டும்?

குடலும் மண்ணீரலும் அனுப்பும் ரத்தம் முழுவதும் ஒரே பெரிய குழாயில் சேர்ந்து ஈரலுக்குள் போகிறது. ஈரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது, அதில் முக்கால் பங்கு இந்தக் குழாய் வழியாகத்தான். நல்ல ஈரல் பஞ்சுபோல் இருக்கும், ரத்தம் அதில் மெல்லப் புகுந்து வெளியேறும். தழும்பேறிய ஈரல் வழிவிடாது. மதகை அடைத்த மாதிரி, பின்னால் அழுத்தம் ஏறுகிறது. ஈரலின் உள்ளே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் சல்லடை போன்றது. அழுத்தம் ஏறியதும் ரத்தத்தின் நீர்ப்பகுதி அந்தத் துளைகள் வழியே கசிகிறது. கசிவை அள்ளிக்கொண்டு போக நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன. அவை தம் வழக்கமான சுமையைப்போல் பல மடங்கு அள்ளிப் பார்க்கின்றன. அவற்றாலும் முடியாதபோது, ஈரலின் மேற்பரப்பிலிருந்தே நீர் வியர்வைபோல் துளிர்த்து வயிற்றறைக்குள் சொட்டுகிறது. அறுவை அரங்கில் அதைக் கண்ணால் பார்க்கலாம். ஈரல் அழுவதுபோல் இருக்கும்.

இதுவரை சொன்னது பாதிக்கதைதான். கசிவு மட்டும் என்றால் கொஞ்சம் சேர்ந்து நின்றுவிடும். லிட்டர் லிட்டராக ஏறுவதற்குக் காரணம் சிறுநீரகம்.

பின்னால் ஏறிய அழுத்தத்தைத் தாங்க, குடல் பகுதியின் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. விரிந்த குழாய்களில் ரத்தம் தேங்குகிறது. மேட்டூர் நிரம்பி, நடுவழியில் வயல்களெல்லாம் மிதந்தாலும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் அந்த விவசாயிக்கு அது வறட்சிதான். சிறுநீரகம் உடம்பின் கடைமடை. தனக்கு வரும் ரத்தத்தின் வேகம் குறைந்ததும், உடம்பு வற்றிப்போகிறது என்று அது முடிவுகட்டுகிறது. வறட்சி வந்தால் என்ன செய்யுமோ அதைச் செய்கிறது: உப்பைச் சிறுநீரில் விடாமல் பிடித்து வைக்கிறது. உப்பு தங்கினால் தண்ணீர் தங்கும். தங்கிய தண்ணீர் மறுபடி அந்த அழுத்தம் ஏறிய குழாய்க்கே போய், மறுபடி கசிந்து வயிற்றில் விழுகிறது. கடைமடைக்கு இன்னும் வரவில்லை. சிறுநீரகம் இன்னும் பிடிக்கிறது.

வயிறு முட்டத் தண்ணீர் இருக்க, உடம்பு தாகத்தில் இருப்பதாகச் சிறுநீரகம் நினைக்கும் இந்தக் குழப்பம்தான் நோயின் மையம். கசிவு வயிற்றுக்குள் நடப்பதற்குக் காரணம், அழுத்தம் ஏறியிருக்கும் இடம். அது ஏறியிருப்பது ஈரலுக்குள்ளும், குடலிலிருந்து அதற்கு வரும் குழாயிலும் மட்டும். இதயம் பழுதானால் பெரும்பாலும் வீக்கம் காலில் தொடங்கும், சிறுநீரகம் பழுதானால் காலையில் முகத்தில் தெரியும், ஈரல் பழுதானால் வயிறு முந்திக்கொள்ளும்.

ஆல்புமின் என்ற புரதம் குறைவதுதான் காரணம் என்று சொல்லிப் புரோட்டீன் பவுடர் டப்பாக்களை வாங்கி அடுக்குகிறவர்கள் உண்டு. ஈரல்தான் அந்தப் புரதத்தைச் செய்கிறது, ஈரல் கெட்டால் அது குறையும், கசிவு கொஞ்சம் கூடும். அவ்வளவுதான் அதன் பங்கு. முட்டையும் பருப்பும் வற்றிய தசைக்கு அவசியம் வேண்டும். வயிற்றுத் தண்ணீரை அவை இறக்காது.

ஒரு லிட்டருக்கு எட்டு கிராம்

வயிற்றில் கட்டும் இந்தத் தண்ணீர், ரத்தத்தின் நீரைப் போலவே உப்புக் கரிக்கும். ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட எட்டு கிராம் உப்பு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: எட்டு கிராம் உப்பு உடம்பில் மிஞ்சினால் ஒரு லிட்டர் வயிற்றில் ஏறும். ஒரு மட்டமான டீஸ்பூன் உப்பு ஏறத்தாழ ஐந்து கிராம். நம் வீடுகளில் ஒரு ஆள் நாளுக்கு எட்டு, பத்து கிராம் தின்பது சாதாரணம். நோய் முற்றி, சிறுநீரில் உப்பே இறங்காத ஒருவர் இப்படிச் சாப்பிட்டால் அவருக்குத் தினம் ஒரு லிட்டர் சேரும்.

மேஸ்திரியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறு வாரத்தில் எட்டு கிலோ என்றால் எட்டு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு லிட்டரில் அறுபத்துநான்கு கிராம் உப்பு. நாற்பத்திரண்டு நாளால் வகுத்தால், தினம் மிஞ்சியது வெறும் ஒன்றரை கிராம்.

இப்போது அந்தச் சோடா பாக்கெட்டுக்கு வருவோம். எலுமிச்சை வாசனையோடு நுரைத்துப் பொங்கும் ஐந்து கிராம் பாக்கெட். நுரைக்கக் காரணம் சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். ஒரு பாக்கெட்டில் சுமார் 850 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. அது இரண்டு கிராமுக்குச் சற்று மேற்பட்ட சாப்பாட்டு உப்புக்குச் சமம். நாளுக்கு இரண்டு பாக்கெட் என்றால் நாலு கிராமுக்கு மேல்.

அவர் வயிற்றில் எட்டு லிட்டர் ஏறத் தேவைப்பட்டது தினம் ஒன்றரை கிராம். கேஸ் என்று நினைத்து அவர் குடித்த ஒரே ஒரு பாக்கெட்டில் இருந்தது அதைவிட அதிகம். நோயைக் கொண்டுவந்தது சோடா அல்ல. பழுது ஈரலில். ஆனால் அந்த வயிற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சியதில் சோடாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏப்பம் வந்து நெஞ்சு லேசாவது சோடாவே உண்டாக்கிய காற்று வெளியேறுவதால். மருந்து வேலை செய்கிறது என்று அதை நம்பி, இன்னொரு பாக்கெட்டைப் பிரிக்கிறோம்.

இதைச் சொன்னதும் அவர் மனைவி கைப்பையைத் திறந்து, மீதியிருந்த பாக்கெட்டுகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

அப்படியானால் கேஸ் என்பது என்ன?

நம்மூரில் நெஞ்சு வலி முதல் முதுகுப் பிடிப்பு வரை எல்லாமே கேஸ்தான். நிஜத்தில் ஆரோக்கியமான ஒருவரின் குடலுக்குள் எந்த நேரத்திலும் இருக்கும் காற்று இருநூறு மில்லி அளவைத் தாண்டுவது அரிது. ஒரு டீ டம்ளர் கொள்ளளவு. வயிறு உப்பிப்போகிறது என்று அன்றாடம் புலம்புகிறவர்களை, உப்பிய நேரத்திலேயே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்சிலோனாவில் ஆராய்ந்தார்கள். பலருக்குக் காற்று அதிகரித்திருக்கவே இல்லை, அல்லது சொற்பமாகத்தான் கூடியிருந்தது. மாறியிருந்தது தசை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் கீழே இறங்கி, வயிற்றின் முன்சுவர் தளர்ந்து, உள்ளே இருப்பது அப்படியே முன்னால் பிதுங்கியிருந்தது. கேஸ் வயிறு சில மணி நேரத்தில் வந்து மறைவதற்கு இதுவும் ஒரு விளக்கம். இறங்கிய தசை ஏறிக்கொள்ளும். சேர்ந்த தண்ணீர் அப்படி ஏறி இறங்காது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஈரல் நோயாளிகளுக்கு உண்மையாகவே உப்புசமும் வரும். பின்னழுத்தத்தால் குடலின் சுவர் தடித்து, அசைவு மந்தமாகி, சிறுகுடலில் கிருமிகள் பெருகி, உணவு புளித்துக் காற்று கூடும். வயிற்றில் தண்ணீர் தெரிவதற்கு முன்பே இது தொடங்கிவிடுவது வழக்கம். மழைக்கு முன் காற்று வரும் என்று அந்தக் கால பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகவே மேஸ்திரியின் மனைவி சொன்னது முழுத் தவறும் இல்லை. இரண்டு மாதம் முன்பு அது காற்றாகவே இருந்திருக்கலாம். காற்று எப்போது மழையாக மாறியது என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

மருந்தாலும் காற்று வரும். ஈரல் நோயாளிகளுக்கு மூளை குழம்பாமலிருக்க லாக்டுலோஸ் என்ற இனிப்பான சிரப் கொடுப்போம். பெருங்குடல் கிருமிகள் அதைப் புளிக்க வைப்பதுதான் அதன் வேலையே. கூடவே காற்றும் உண்டாகும். "இந்த டானிக் கேஸ் பண்ணுது" என்று நிறுத்திவிட்டு, நாலாம் நாள் பகல் இரவு தெரியாமல் உளறுகிற நிலையில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அளவைக் குறைக்கக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஊசி எடுக்கும் தண்ணீர்

மேஸ்திரியை அன்றே சேர்த்தோம். முதல் வேலை, வயிற்றின் இடது கீழ்ப்பக்கத்தில் மரப்பூசி போட்டு, ஊசியால் முப்பது மில்லி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. வீட்டார் தயங்கினார்கள். "ஒரு தடவை எடுத்தா திரும்பத் திரும்ப ஊறும்னு சொல்றாங்களே சார்?" இது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை. ஊறும் என்பது உண்மைதான். ஊறவைப்பது ஊசி அல்ல. அழுத்தமும் உப்பும் அப்படியே இருந்தால், எடுத்தாலும் ஊறும், எடுக்காவிட்டாலும் ஊறும்.

இசை மேதை பீத்தோவனுக்கு 1826 டிசம்பரில் வியன்னாவில் முதல்முறை வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் நாலு முறை எடுத்தும் ஒவ்வொரு முறையும் நிரம்பியது. 1827 மார்ச்சில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் ஈரல் சுருங்கி முடிச்சு முடிச்சாக இருந்தது. அன்று தண்ணீரை இறைக்கத் தெரிந்திருந்தது, வாய்க்காலை அடைக்கத் தெரியவில்லை.

அந்த முப்பது மில்லியில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறோம். தண்ணீர் ஈரல் அழுத்தத்தால் வந்ததா, வேறெதனாலோ வந்ததா என்பது முதல் கேள்வி. ரத்தத்தின் ஆல்புமின் அளவிலிருந்து வயிற்று நீரின் ஆல்புமின் அளவைக் கழிக்க வேண்டும். மிச்சம் 1.1 அல்லது அதற்கு மேல் என்றால், அழுத்தத்தால் பிழியப்பட்ட நீர். மேஸ்திரிக்கு ரத்தத்தில் 2.6, நீரில் 0.7. மிச்சம் 1.9. சந்தேகமே இல்லை. மிச்சம் 1.1-க்குக் கீழே வந்திருந்தால் நான் வேறு திசையில் தேடியிருப்பேன். நம் நாட்டில் வயிற்றுக் காசநோய் இன்னும் சாதாரணம், பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் உப்புசமாக வேடமிட்டு வரும். இரண்டையும் ஈரல் என்று நினைத்து உப்பைக் குறைத்துக்கொண்டிருந்தால் காலம் கைநழுவிவிடும்.

இரண்டாவது கேள்வி இன்னும் அவசரமானது: நீரில் கிருமி புகுந்துவிட்டதா? குடலிலிருந்து கிருமிகள் தாமாகவே இந்தத் தேங்கிய நீருக்குள் ஊடுருவும். அதற்கு ஓட்டையோ புண்ணோ வேண்டாம். நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் அணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், வளர்ப்புச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். இவருக்கு முப்பதுதான் இருந்தது. மூச்சுவிட்டோம்.

மறுநாள் ஆறு லிட்டர் எடுத்தோம். ஐந்து லிட்டருக்கு மேல் எடுக்கும்போது, எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் எட்டு கிராம் வரை ஆல்புமினை ரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டும். இவருக்கு நாற்பத்தெட்டு கிராம், அதாவது இருபது கிராம் பாட்டிலில் ஏறத்தாழ இரண்டரை. விலை அதிகம்தான். ஏற்றாமல் விட்டால் வயிறு வற்றிய பிறகு ரத்த ஓட்டம் இன்னும் தளர்ந்து, ஏற்கெனவே காய்ந்திருக்கும் கடைமடை முழுதாகக் கருகும். சிறுநீரகம் செயலிழப்பதை அப்படிச் சிலரிடம் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு

உப்பை நாளுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்தச் சொன்னேன். மட்டமாக ஒரு டீஸ்பூனை அளந்து, காலையிலேயே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்துவைத்து, அவருக்கானது அன்று முழுக்க அதிலிருந்துதான் என்று ஏற்பாடு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் அந்தக் கணக்கை ஒரே வேளையில் உடைத்துவிடும். இந்துப்பும் உப்புதான், பெயரில் ஏமாற வேண்டாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பது இவர்களுக்கு அதைவிட ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், இவர்கள் தின்னும் நீர் இறக்கும் மாத்திரையோ ஏற்கெனவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் இதயம் நின்றுபோகலாம்.

"தண்ணி குடிக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டில் அரை லிட்டருக்கு மேல் தரமாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்களாம். தாகத்துக்குக் குடிக்கலாம் என்றேன். ரத்தத்தில் சோடியம் அளவு 125-க்குக் கீழே விழுந்தால்தான் தண்ணீரைக் கட்டுப்படுத்துவோம். அவருக்கு 131. உப்பைப் பிடித்தால் தண்ணீர் தானாக வெளியேறும். உப்பை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பிடித்தால், தாகம்தான் மிஞ்சும்.

நீர் இறக்கும் மாத்திரை இரண்டு வகை எழுதினேன், அளவு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு இவை வேகமாக வேலை செய்துவிடும், அதுவும் கெடுதல். வயிற்றறையிலிருந்து உடம்பு உறிஞ்சித் திருப்பிக்கொள்ளக்கூடிய நீர் நாளுக்கு ஏறத்தாழ அரை லிட்டர்தான். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளுக்கு அரை கிலோவுக்கு மேல் எடை இறங்கினால், மிச்சத்தை மாத்திரை ரத்தத்திலிருந்து உறிஞ்சுகிறது என்று பொருள். சிறுநீரகத்துக்குக் கேடு. கால் வீங்கியிருந்தால் ஒரு கிலோ வரை தாங்கும். அதனால் தினம் காலையில், வெறும் வயிற்றில், ஒரே லுங்கியோடு எடை பார்த்து நோட்டில் குறிக்கச் சொன்னேன். முதல் மாதம் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் வாரம் ஒருமுறை பார்த்தோம். மூட்டு வலிக்கு அவர் வழக்கமாகக் கடையில் வாங்கித் தின்ற டைக்ளோஃபெனாக் மாத்திரையைத் தொடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் ரத்தக் குழாயைச் சுருக்கி, உப்பை இன்னும் பிடித்து வைக்கும். நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும்.

குடியை விட்டார். எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. விட்டவர்களில் கணிசமானவர்களுக்கு மாதங்கள் போகப் போக அழுத்தம் குறைந்து, மாத்திரையையே குறைக்க முடிகிறது. மூன்றாம் மாதம் அவர் எடை 59. கன்னம் நிரம்பத் தொடங்கியிருந்தது. இதைக் குணம் என்று நான் சொல்லவில்லை. தழும்பு தழும்புதான். வயிற்றில் ஒருமுறை நீர் கட்டியது என்றால், ஈரல் மாற்று அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். அவரையும் அதற்கான மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புற்றுநோய்க்கான ஸ்கேனும், உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியும் தனிக் கணக்கு.

உங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு உப்புகிறது, கேஸ் மருந்தில் அடங்கவில்லை என்றால், ஒரு வாரம் தினமும் காலையில் எடை பாருங்கள், தொப்புளின் மேலாக ஒரு கயிற்றால் சுற்றி முடிச்சிட்டு வையுங்கள். எடை ஏறிக்கொண்டே போய், முடிச்சு காலையிலும் தளராவிட்டால், சோடா பாக்கெட்டை நிறுத்திவிட்டு ஸ்கேனுக்குப் போங்கள். ஏற்கெனவே வயிற்றில் நீர் கட்டியவருக்குக் காய்ச்சல், வயிற்று வலி, தூக்கக் கலக்கம், உளறல், சிறுநீர் குறைவது, கறுப்பு மலம், ரத்த வாந்தி இவற்றில் எது வந்தாலும் அது கேஸ் அல்ல. விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.